ஈபிக்குக் கடிதம்: லோடு கணக்கு சரியா, பார்த்துச் சொல்லுங்கள்

உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் கரண்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு டப்பென்று அணைகிறது, ஆட்டோகிளேவ் முள் 15 பவுண்டைத் தொடவே முக்கால் மணி நேரம் ஆகிறது. கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ஆட்டோகிளேவ் 2000 வாட், பேபி வார்மர் 600, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 350, சக்‌ஷன் 200, ஃப்ரிட்ஜ் 150, லைட், ஃபேன் எல்லாம் 500. மொத்தம் 3800 வாட், "தடையில்லா மின்சாரம் வேண்டும்". போதுமா?

பதில் 1: கடிதமெல்லாம் எதற்கு டாக்டர், பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி மொத்தத்தையும் அதில் மாட்டுங்கள்.

பதில் 2: எங்கள் தையல் கடையிலும் இதே தொல்லைதான். இன்வெர்ட்டர் போட்டேன், ஒரு வருஷத்தில் பேட்டரி போச்சு. எந்த கம்பெனி நல்லது?

பதில் 3 (வயரிங் வேலை செய்கிறேன், 22 வருஷமாக): டாக்டரம்மா, உங்களுக்குக் கரண்ட் நிற்கவில்லை, வோல்டேஜ் விழுகிறது. தடையில்லா மின்சாரம் என்று எழுதினால் "சப்ளை இருக்கிறது" என்று பதில் எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். ஹீட்டர் சாமானுக்கு 230-க்குப் பதில் 170 வந்தால் 2000 வாட் 1100-க்குக் கொஞ்சம் கீழே போய்விடும், முள் ஏறாததற்கு அதுதான் காரணம். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் சரி. ஆட்டோகிளேவுக்குப் போட்டால் அது முழு 2000 வாட்டையும் எடுக்கப் பார்க்கும், 170-இல் 6 ஆம்பியர் சொச்சம் இழுத்தது 12-ஐ நெருங்கும், லைன் இன்னும் படுக்கும். அதனால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஏழு மணிக்கு ஆட்டோகிளேவை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, ஈபி மீட்டர் பக்கத்திலும் ஆட்டோகிளேவ் பிளக்கிலும் எடுக்கவேண்டும், மீட்டர் பக்கம் வயர்மேனை வைத்துத்தான். மீட்டரில் நன்றாக இருந்து பிளக்கில் விழுந்தால் கோளாறு உங்கள் வயரிங்கில், ஈபியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

கேட்டவர்: வயர்மேனை வைத்து எடுத்தோம். மீட்டரில், ஆட்டோகிளேவ் அணைத்திருக்கும்போதே 174. போட்டதும் 169, பிளக்கில் 167. காலை ஆறு மணிக்கு 228.

பதில் 3: அப்போ உங்கள் வயரிங் தப்பித்தது. பத்து நாள் இதே நேரத்தில் எழுதி வைத்து, சர்வீஸ் நம்பரோடும் மின்னகத்தில் பதிந்த புகார் எண்ணோடும் இணையுங்கள். 3800-ஐ மொத்தமாகப் போடாமல், நிற்கவே கூடாதது ஃப்ரிட்ஜ், வார்மர், கான்சன்ட்ரேட்டர், சக்‌ஷன், ஆக 1300 வாட், ஆட்டோகிளேவைக் காலைக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதினால் படிக்கிற இன்ஜினியருக்குப் புரியும். கேட்கவேண்டியது டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸிலும் லோடு சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.

பதில் 1: டிரான்ஸ்பார்மரில் டேப்பை ஏற்றி வோல்டேஜைக் கூட்டினால் முடிந்ததே?

பதில் 3: ஏற்றலாம். ராத்திரி இரண்டு மணிக்கு 250-க்கு மேல் போனால் ஃப்ரிட்ஜ் என்ன ஆகும்?

கேட்டவர்: எதிர்வீட்டில் அதே ஏழு மணிக்கு மிக்ஸி நன்றாகச் சுற்றுகிறது, அதைத்தான் யோசிக்கிறேன். அவர்கள் வேறு பேஸா என்று லைன்மேன் வந்தால் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.