சோலார் அட்டவணையில் செலவு மீளும் ஆண்டு 11-ஆ, 13-ஆ?

மாடி சோலாருக்கு, போட்ட காசு எப்போது திரும்பும் என்று ஓர் அட்டவணை போட்டேன், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். நிறுவும் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு மின்கட்டணத்தில் மிச்சம் 9.5, பேனல் பழசாக ஆக ஆண்டுக்கு அரை சதவீதம் குறைகிறது. கட்டண உயர்வைச் சேர்க்கவில்லை, அது வெறும் ஊகம்தானே.

A-வில் ஆண்டு, D-யில் அதுவரையான கணக்கு. 10-ஆம் ஆண்டு வரை மைனஸ், 11-இல் +1.93. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது. அது பேனல் அளவுக்கு உழைக்காது, 12-ஆம் ஆண்டில் மாற்ற 12 என்று போட்டதும் அந்த ஆண்டு −1.08 ஆகிவிட்டது, மறுபடி பிளஸ் 13-இல்தான், +7.86. ஆனால் என் சூத்திரம் முதல் பிளஸையே பிடித்துக்கொண்டு 11 என்கிறது:

```
=MATCH(TRUE,INDEX(D2:D26>=0,0),0)
```

கடைசி மைனஸுக்கு அடுத்த ஆண்டைக் கேட்டால் 13:

```
=LOOKUP(2,1/(D2:D26<0),A2:A26)+1
```

இன்வெர்ட்டர் செலவை ஆண்டுக்கு 1 என்று ஒதுக்கினாலும் 13-தான் வருகிறது, அதனால் 11 ஏமாற்று என்று எனக்குப் படுகிறது. நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள், மொத்தமாகவா, பிரித்தா?

இன்னொன்று, பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் வெளியே போகும் யூனிட்டுக்கு விலை குறைவென்றால் 9.5 தப்பாகிவிடும். அதற்குத் தனிப் பத்தி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?