எண்பதில் எஸ் உண்டு, எண்பத்து மூன்றில் இல்லை: இந்த இரு வடிவங்களுக்கும் என்ன பெயர்?

தமயந்தி:
வணக்கம். பிரான்சுக்குப் புதிதாக வருபவர்களுக்காக பிரெஞ்சு எண்கள் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். 69 வரை தொல்லை இல்லை. 70க்கு 'அறுபது-பத்து', 80க்கு 'நான்கு இருபது', 93க்கு 'நான்கு இருபது பதின்மூன்று' என்பதையும் புரிந்துகொள்கிறார்கள். எழுதும்போதுதான் சிக்கல்.

```
70  soixante-dix
80  quatre-vingts
83  quatre-vingt-trois
93  quatre-vingt-treize
```

80இல் இருக்கும் எஸ் 83இல் காணோம். பன்மை, ஒருமை என்று எழுதினால், "83 எப்படி ஒருமை?" என்று கேட்கிறார்கள். இந்த இரு வடிவங்களுக்கும் தமிழில் பெயர் வேண்டும்.

செல்வம்:
புதுச்சொல் எதற்கு? பின்னால் எது வந்தாலும் எஸ் போய்விடும், அவ்வளவுதான். நன்னூலில் தோன்றல், திரிதல், கெடுதல் இருக்கிறதே, 'எஸ் கெடுதல்' என்று எழுதுங்கள்.

யோகன்:
செல்வம் அண்ணை, பின்னால் எது வந்தாலும் என்பது சரியில்லை. போன மாதம் வாடகைக்கு 780 யூரோ காசோலை எழுதினேன். இங்கே தொகையைச் சொல்லாலும் எழுத வேண்டும். நான் இரண்டு இடத்திலும் எஸ் போட்டேன். வேலையிடத்தில் ஒருவர் பார்த்துவிட்டு முதல் எஸ்ஸை மட்டும் வெட்டச் சொன்னார். பின்னால் 'யூரோ' வந்தும் மற்றது அப்படியே நின்றது. ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிழையோடு கொடுத்தால் வங்கி திருப்பி அனுப்புமா?

மரி (புதுச்சேரி):
தம்பி, எஸ் விட்டுப்போனால் தொகை மாறாது, கவலை வேண்டாம். சொல்லும் இலக்கமும் வேறு வேறு தொகையைக் காட்டினால்தான் வம்பு. அப்போது சொல்லில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 780 நல்ல உதாரணம்:

```
sept cent quatre-vingts euros
```

ஏழு நூறு, பெருக்கல்தான், அதனால் எஸ் வர வேண்டியது. ஆனால் அதன் பின் இன்னொரு எண் வருவதால் நூறு எஸ்ஸை இழக்கிறது. நான்கு இருபதும் பெருக்கல். அதன் பின் வருவது எண் அல்ல, யூரோ என்ற பெயர்ச்சொல். அதனால் எஸ் நிற்கிறது. 793 என்றால் இரண்டு இடத்திலும் எஸ் கிடையாது.

இது நமக்குப் புதிதா என்ன? எண்பது ரூபாய் என்கிறோம், எண்பத்து மூன்று ரூபாய் என்கிறோம். இருநூறு பேர், இருநூற்று மூன்று பேர். எண் தொடர்ந்தால் உருவம் மாறும், பொருள் தொடர்ந்தால் மாறாது. எனவே 'முடிநிலை', 'தொடர்நிலை' என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

செல்வம்:
சரி, யூரோவை நான் யோசிக்கவில்லை. ஆனால் அக்கா, எண்பதாயிரத்தில் உங்கள் ஒப்புமை உடைகிறது. நாம் எண்பத்தாயிரம் என்பதில்லை. பிரெஞ்சிலோ ஆயிரத்துக்கு முன் எஸ் விழுகிறது, மில்லியனுக்கு முன் நிற்கிறது.

மரி:
உண்மைதான். அவர்கள் இலக்கணத்தில் ஆயிரம் எண், மில்லியன் பெயர்ச்சொல். இன்னொன்றும் உடையும்: எண்பதாம் பக்கத்தை page quatre-vingt என்று எஸ் இல்லாமல் எழுதுவார்கள், எண் அங்கேயே முடிந்தாலும். அது எண்ணிக்கை அல்ல, வரிசை. கையேட்டில் இவற்றுக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

கபிலன்:
எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்களே! தொலைபேசி எண்ணைச் சொல்லும்போதுதான் உயிர் போகிறது. இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்கிறார்கள். 'சுவசாந்த்' என்றதும் 6 எழுதிவிடுவேன், அடுத்து 'தீஸ்-செத்' என்பார்கள். அது 60, 17ஆ? 77ஆ?

மரி:
எழுதுவதற்கு முன் அந்த ஜோடி முடியும்வரை காத்திருங்கள். 60, 17 என்றால் நடுவில் சிறிது நிறுத்துவார்கள், 77 ஒரே மூச்சில் வரும். பிரான்சு எண் பத்து இலக்கம், அதாவது ஐந்து ஜோடி. எழுதி முடித்ததும் ஆறு ஜோடி இருந்தால் எங்கோ ஒன்றைப் பிளந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தமயந்தி:
கபிலன், இதைக் கையேட்டில் சேர்க்கிறேன். இணைப்புக்கோடு? 71இல் கோடு இல்லாமல் ஒரு புத்தகம், கோட்டோடு இன்னொன்று.

மரி:
இரண்டும் சரி. பழைய வழக்கில் நூறுக்குக் கீழே உள்ள பகுதிகளுக்கிடையே மட்டும் கோடு. 'ஏ' என்ற இணைப்புச்சொல் வந்தால் அதுவும் இல்லை. 1990 திருத்தம் எல்லாவற்றையும் கோட்டால் கட்டச் சொன்னது.

```
soixante et onze    soixante-et-onze
```

81இல் அந்த 'ஏ' கிடையாது, 71இன் பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள். எஸ் விதியில் திருத்தம் கைவைக்கவில்லை.

யோகன்:
பெல்ஜியத்தில் இருக்கும் என் மச்சானுக்கு 70, 90 இரண்டுக்கும் தனிச்சொல்: septante, nonante. ஆனால் 80 அங்கேயும் நான்கு இருபதுதான். எஸ் தொல்லை அவனுக்கும் உண்டு.

தமயந்தி:
முடிநிலை, தொடர்நிலை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'தொடர்நிலை' என்றதும் சிலருக்கு வாக்கியத் தொடர் நினைவுக்கு வரலாம், 'ஒட்டுநிலை' பரவாயில்லையா?

செல்வம்:
ஒட்டுநிலை என்றால் இணைப்புக்கோடு போட்டு ஒட்டுவது என்று எடுத்துக்கொள்வார்கள். என் ஓட்டு இன்னும் கெடுதலுக்கே.