ஓ.ஆர்.எஃப்: 'திறந்த படிப்புச் சட்டகம்' போதுமா?

நாகர்கோவில் மாணவி:
சுவாமித்தோப்பு உப்பளத்து நீரில் பிரித்தெடுத்த ஹாலோமோனாஸ் பாக்டீரியா ஒன்றின் மரபணுத்தொகையைக் கோத்து முடித்தோம். இப்போது மரபணுக்களை அடையாளமிடும் வேலை. அறிக்கையைத் தமிழிலும் எழுதுகிறேன். open reading frame, அதாவது ஓ.ஆர்.எஃப் வரும் இடத்தில் 'திறந்த படிப்புச் சட்டகம்' என்று போட்டால், எது திறந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். வேறு நல்ல சொல் இருக்கிறதா?

மார்த்தாண்டம், ஆய்வக நுட்பர்:
'மரபணு' என்றே எழுதிவிடுங்களேன். ATG-யில் தொடங்கி, நிறுத்தச் சொல்லும் மூன்றெழுத்துக் கோடான் வராமல் நீளமாகப் போனால் அது மரபணுதான். தற்செயலாக அவ்வளவு தூரம் ஓடாது.

குளச்சல், மரபணுத்தொகைப் பணியில் இருப்பவர்:
பாதி சரி. 64 கோடான்களில் 3 நிறுத்தம் என்பதால், நான்கு எழுத்துகளும் சமமாக இருந்தால் சராசரியாக 21 கோடானுக்கு ஒரு நிறுத்தம் வரும். ஆனால் TAA, TAG, TGA மூன்றிலும் A-யும் T-யும்தான் அதிகம். ஹாலோமோனாஸில் G-யும் C-யும் மிகுதி. அவை 65 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால் நிறுத்தம் ஏறக்குறைய 40 கோடானுக்கு ஒன்றாகிவிடும். அதனால் உண்மை மரபணுவின் எதிர் இழையிலேயே நீளமான போலிகள் கிடைக்கும். அதற்கெல்லாம் மரபணு என்று பெயர் வைத்தால் பட்டியல் வீங்கிவிடும். இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உயிரியல் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனாலும் நிறுத்தம் இல்லாமல் ஓடுவதுதான் விஷயம் என்றால், வடசேரியில் நிற்கும் பேருந்திலேயே சொல் எழுதியிருக்கிறதே, 'இடைநில்லா' என்று. 'இடைநில்லாத் தொடர்' எப்படி, மக்ளே?

நாகர்கோவில் மாணவி:
பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் எனக்குச் சிக்கல் தொடக்கத்தில்தான். ஒரு தொடரில் முதல் ATG-யிலிருந்து எண்ணினால் 303 அமினோ அமிலம். ஆனால் மரபணு கணிக்கும் ப்ராடிகல் மென்பொருள் 108 எழுத்து தள்ளி வரும் GTG-யைத் தொடக்கமாக எடுத்து 267 என்கிறது. வெளியீட்டில் இப்படி இருக்கிறது:

```
start_type=GTG;rbs_motif=AGGAGG;rbs_spacer=5-10bp
```

GTG வேலினுக்கு உரியதுதானே அக்கா, அது எப்படித் தொடக்கமாகும்?

குளச்சல்:
நடுவில் வந்தால் வேலின். தொடக்கத்தில் வந்தால் அதே GTG-யில் மெத்தியோனின்தான் அமரும். பாக்டீரியாவில் GTG, TTG தொடக்கங்கள் சாதாரணம். ரைபோசோம் வந்து பிடிக்கும் AGGAGG சரியான தூரத்தில் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ATG-க்கு முன்னால் அப்படி ஏதாவது உண்டா? பக்கத்து மரபணு எங்கே முடிகிறது?

நாகர்கோவில் மாணவி:
அங்கே ஒன்றும் இல்லை. நீளமான தொடரை எடுத்தால் முன் மரபணுவோடு 71 எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. பிளாஸ்டில் ஒப்பிட்டால் என் புரதத்தின் 37-ஆவது அமிலம்தான் மற்றவற்றின் முதல் அமிலத்தோடு பொருந்துகிறது.

குளச்சல்:
அப்படியென்றால் GTG-தான். ATGA போல 4 எழுத்து மேலேறுவது இயல்பு. 71 என்றால் சந்தேகப்பட வேண்டும். முன்னால் தொங்கும் அந்த 36 அமிலத்துக்கும் எங்கும் ஒப்புமை இல்லை. ஆனால் ஒப்புமையை மட்டும் நம்பாதீர்கள். தரவுத்தளத்தில் ஒருவர் தொடக்கத்தைத் தவறாகக் குறித்தால், அடுத்தவர் அதைப் பார்த்து அப்படியே குறிப்பார். பத்துப் பொருத்தம் பத்துச் சான்று ஆகாது. உங்களுக்கு ரைபோசோம் குறியும் பக்கத்து எல்லையும் தனித்தனியாக அதையே சொல்கின்றன, அதனால்தான் துணிந்து சொல்கிறேன். புரதத்தின் முனையை நேரடியாக வாசித்துப் பார்க்கும்வரை அதுவும் கணிப்புதான்.

குலசேகரம், மண் நுண்ணுயிர் ஆய்வாளர்:
எனக்கும் இதே தொடக்கச் சிக்கல். ரப்பர் தோட்டத்து மண் பாக்டீரியாவில் அடுத்தடுத்து இரண்டு தொடர்கள். இரண்டுமே ஒரே புரதத்தோடு பொருந்துகின்றன. எதைத் தொடக்கமாக எடுப்பது?

குளச்சல்:
இது வேறு சிக்கல். ஒன்று முன்பாதியோடும் மற்றது பின்பாதியோடும் பொருந்தினால், நடுவில் ஒரு எழுத்து விடுபட்டோ கூடியோ வாசிப்பு வரிசை தடம் மாறியிருக்கும். நானோபோர் தரவா? GGGGGG மாதிரி ஒரே எழுத்து தொடரும் இடத்தில் எண்ணிக்கை பிசகும். மூல வாசிப்புகளை அந்த இடத்தில் அடுக்கிப் பாருங்கள், முடிந்தால் இல்லுமினா வாசிப்புகளையும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அது நிஜமாகவே செயலிழந்த மரபணுவாக இருக்கலாம்.

மார்த்தாண்டம்:
சரி, நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'இடைநில்லாத் தொடர்' எங்கே தொடங்குகிறது? getorf நிரலைச் சும்மா விட்டால் நிறுத்தத்திலிருந்து நிறுத்தம் வரை தருகிறது. வேறு சிலர் தொடக்கக் கோடானிலிருந்து எண்ணுகிறார்கள்.

குளச்சல்:
நிறுத்தம் முதல் நிறுத்தம் வரை 'இடைநில்லாத் தொடர்', தொடக்கம் தேர்ந்தெடுத்த பிறகு 'குறியீட்டுப் பகுதி' என்று பிரிக்கலாம். தொடக்கம் நம் தீர்ப்பு என்பது அதில் வெளிப்படையாகத் தெரியும்.

தக்கலை ஆசிரியர்:
'குறியீட்டுப் பகுதி' எதற்கும் பொருந்துமே. 'புரதப் பகுதி' என்றால்?

குளச்சல்:
அது புரதத்தின் ஒரு துண்டு என்று படும் ஐயா. அங்கே எனக்கும் நிறைவில்லை.

நாகர்கோவில் மாணவி:
முதல் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு இப்போதைக்கு coding sequence என்பதன் சுருக்கமான சி.டி.எஸ். என்றே விடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொன்னால் மாற்றிவிடுவேன்.