கம்பிக்கு நடுவே 40: எந்த 40?

செந்தூல்:

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கில் மலையோரச் சிற்றாறு ஒன்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழில் ஒரு குறிப்புத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீர் நுழையும் வாயில் நிற்கும் கம்பி வரிசை, அதாவது டிராஷ் ரேக், அதற்கு ஒரு பெயர் வேண்டும். அதைவிட அவசரமாக வேண்டியது கம்பிகளுக்கு நடுவே உள்ள அளவுக்கு ஒரு சொல்.

ஏன் அவசரம் என்றால், அதே இடத்தில் சென்ற முறை தமிழில் எழுதிய துண்டுச் சீட்டில் "கம்பி இடைவெளி 40 மி.மீ." என்று மட்டும் இருந்தது. கேட்டவர் நினைத்தது ஒரு கம்பியின் விளிம்பிலிருந்து அடுத்த கம்பியின் விளிம்பு வரை. பட்டறையில் எடுத்துக்கொண்டது நடுவிலிருந்து நடு. பட்டைக் கம்பி 10 மி.மீ. தடிப்பு. 40 வர வேண்டிய இடத்தில் 30தான் வந்தது. வாயின் அகலம் 1190 மி.மீ. 23 கம்பி நிற்க வேண்டியதில் 29 நின்றது. இரண்டும் சுவருக்குச் சுவர் மிகச் சரியாகப் பொருந்தும் என்பதால் மாட்டும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டிப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் அதன் பிறகு வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

அக்கா, டிராஷ் ரேக்குக்கு "குப்பையழி" வைக்கலாமே? கம்பி அழி, அழிக்கதவு என்று பழைய வழக்கு உண்டு. கம்பியைத் தாண்டும்போது தண்ணீர் இழக்கும் ஆற்றலை உயரமாகச் சொல்வதுதானே ஹெட் லாஸ், அதற்குத் "தலை இழப்பு" என்று எங்கோ பார்த்த ஞாபகம்.

அந்த 10 மி.மீ. தவறு சின்னதில்லை. கிர்ஷ்மர் 1926இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்:

```
h = K (t/b)^(4/3) sin(a) V^2 / 2g
```

h அந்த இழப்பு, t கம்பித் தடிப்பு, b கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், a சாய்வு, V கம்பிக்கு முன்னால் நீரின் வேகம். சதுர முனைப் பட்டைக்கு K 2.42. சாய்வு 60 பாகை, வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தேன். b 40 என்றால் இழப்பு 11 மி.மீ., 30 என்றால் 16. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததற்கு இதுதான் காரணம்.

பாலிக் புலாவ்:

இதே தொல்லை எனக்கும். தோட்டத்து மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் மூங்கில் சருகு ஒட்டிக்கொள்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை ஆற்றில் இறங்கி உருவி எடுக்கிறேன். எத்தனை ஓட்டை உள்ள சல்லடை வாங்கலாம்?

பட்டர்வொர்த்:

பாலிக் புலாவ் தம்பி, உங்களுடையது வேறு கதை. அது குழாய் முனையில் உறிஞ்சும் சல்லடை, இது திறந்த வாயில் நிற்கும் கம்பி. ஓட்டையை எண்ணாதீர்கள். சல்லடையைப் பெரிதாக்கி, ஓட்டைகளின் மொத்தப் பரப்பைக் கூட்டுங்கள். நுழையும் வேகம் குறைந்தால் சருகும் அவ்வளவாக ஒட்டாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி, கணக்கு சரி, முடிவு சரியில்லை. ஒன்றரை மடங்கு என்றாலும் கூடியது 5 மி.மீ. அதற்காக வாய்க்கால் வற்றாது. மொத்தத் திறப்பும் 960இலிருந்து 900 மி.மீ. ஆனது, அவ்வளவுதான். அந்தச் சூத்திரம் சுத்தமான கம்பிக்கு, தண்ணீர் நேராக வந்து மோதும்போது மட்டும். நான் வேலை பார்த்த காலத்தில் சுத்தமான கம்பியை மழைக்காலத்தில் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுவாக இருக்கும். 40இல் நழுவிப் போகும் குச்சி 30இல் குறுக்கே மாட்டும். அந்தக் குச்சி மேல் சருகு, சருகு மேல் பிளாஸ்டிக் பை. பாதி அடைத்தால் மீதிப் பாதியில் வேகம் இரட்டிக்கும், அதே சூத்திரப்படியே இழப்பு நான்கு மடங்கு. சருகு ஒழுங்காக அடைக்காது, அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். அக்டோபர் மழையில் இரவோடு இரவாக ஒரு சாண் வித்தியாசம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக அகலமாக வைப்பதே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். பின்னால் இருப்பது பம்பா, டர்பைனா, வெறும் வாய்க்காலா என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும்.

பெயருக்கு வருவோம். "குப்பையழி" என்று பலகையில் எழுதினால் குப்பையை அழிக்கச் சொல்லும் கட்டளையாகப் படிப்பார்கள். "குப்பைக் கிராதி" என்று வையுங்கள். "தலை இழப்பு" வேண்டவே வேண்டாம், காவலாளி பயந்து ஓடிவிடுவார்.

செந்தூல்:

கிராதி பிடித்திருக்கிறது ஐயா. அளவுக்கு "சந்தகலம்" என்று ஒன்று தோன்றுகிறது: சந்தின் அகலம். சந்து என்றாலே நடுவில் ஒன்றும் இல்லாத இடம், அதில் கம்பியின் தடிப்பைச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. நடுவிலிருந்து நடுவுக்கு "மையத் தொலைவு". "இடைவெளி" என்ற சொல்லைக் குறிப்பிலிருந்தே எடுத்துவிடுகிறேன்.

ஹெட் லாஸுக்கு "மட்ட இழப்பு" போதுமா? கம்பிக்கு முன்னும் பின்னும் அளவுகோல் வரைந்திருக்கிறார்கள். இரண்டையும் படித்துக் கழிப்பதுதானே?

பிரிக்ஃபீல்ட்ஸ்:

"சந்தகலம்" அருமை. "மட்ட இழப்பு"ம் சரிதான் அக்கா, கழித்தால் வருவதுதான் இழப்பு.

பட்டர்வொர்த்:

முழுக்கச் சரியில்லை. முன்னால் ஆழம் 1 மீட்டர், வேகம் 0.8. பின்னால் மட்டம் 20 செ.மீ. இறங்கி நிற்கிறது, தரை சமம், அகலமும் அதே. பின்னால் ஆழம் 0.8 ஆகிவிட்டதால் அதே தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். இறங்கிய உயரத்தில் ஏறக்குறைய 18 மி.மீ. அந்த வேகமாக மாறியிருக்கிறது, தொலையவில்லை. உண்மையான இழப்பு 182 மி.மீ. அளவுகோலில் தெரிவது 200.

கிராதியை எப்போது வாரி விடுவது என்று முடிவு செய்ய 200 போதும். அதற்கு "மட்ட வேறுபாடு" என்று எழுதுங்கள், பார்ப்பதைச் சொல்லும் சொல். ஹெட் லாஸுக்கு "நீருயர இழப்பு" என்பேன். குழாய்க்கும் அதுவே பொருந்தும், அங்கே கண்ணுக்கு மட்டமே தெரியாதே.

பிறை:

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த வேலை என்னுடையது இல்லை, ஆனால் நானும் நடுவிலிருந்து நடுதான் எடுத்திருப்பேன். கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் நாங்கள் குறி போடுவது அப்படித்தான்.

சந்து 40 என்று சொல்லிவிட்டால் நான் டேப்பையே எடுக்க மாட்டேன். 40க்கு 40 சதுரக் குழாயில் இரண்டு துண்டு வெட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று கம்பிகளுக்கு நடுவே வைத்து, டேக் அடித்து, உருவி அடுத்ததற்குப் போவேன். வெல்டிங் சூட்டில் கம்பி இழுக்கும், அதனால் முடித்த பிறகு அதே துண்டை ஒவ்வொரு சந்திலும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்க வேண்டும். சிக்குகிற இடத்தில் தட்டி நிமிர்த்தலாம். வாங்குகிறவரும் ஒரு துண்டைக் கையோடு கொண்டுவரட்டும்.

செந்தூல்:

அண்ணே, அந்தத் துண்டுக்குப் பட்டறையில் என்ன பெயர்?

பிறை:

பெயரெல்லாம் இல்லை. "அந்தக் கட்டையை எடு" என்போம், இரும்பாக இருந்தாலும்.

செந்தூல்:

அப்படியானால் "சந்துக்கட்டை". குறிப்பில் இப்படிப் போடுகிறேன்: "குப்பைக் கிராதி. சந்தகலம் 40 மி.மீ. வாங்கும்போது 40 மி.மீ. சந்துக்கட்டை எல்லாச் சந்திலும் தடையின்றி ஓட வேண்டும். கம்பி 23, சந்து 24. மட்ட வேறுபாடு 10 செ.மீ. ஆனதும் வாரவும்." 10 என்பது அங்கே வேலை பார்ப்பவர்களே சொன்னது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

"நீருயர இழப்பு" எனக்கு இன்னும் ஒட்டவில்லை. நீரின் உயரம் என்றால் ஆழம் என்றுதான் நினைப்பார்கள். வேகத்தில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லும் சொல் வேண்டும் என்று ஐயாவே சொல்கிறார், ஆனால் அவர் தந்த சொல்லில் அது இல்லை.

பட்டர்வொர்த்:

அது உண்மைதான். "ஆற்றல் உயரம்" என்று வைத்தால்? அப்போது "ஆற்றலுயர இழப்பு", நீளம் கூடிவிடுகிறது. யோசித்து எழுதுகிறேன்.

பாலிக் புலாவ்:

பெரிய சல்லடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்.