ஒத்திசைவு என்றால் காப்பு நகலா? வேறு சொல் வேண்டும்

மல்லிகா:
வணக்கம். ஃபோனில் எடுக்கும் வீடியோக்கள் இரவில் சார்ஜ் போட்டதும் வைஃபை வழியாக வீட்டுக் கணினிக்குப் போகும்படி சிங்க்திங் என்ற செயலியை அமைத்திருக்கிறேன். அதைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்துக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். "ஒத்திசைவு" என்று எழுதினால் படிப்பவர்கள் அதைக் காப்பு நகல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். போன வாரம் ஃபோனில் இடமில்லாமல், அப்பா நாற்று நடும் வீடியோக்களை அழித்தேன். கணினியில் இருக்கிறதே என்ற தைரியம்தான். மறுநாள் பார்த்தால் அங்கேயும் காணோம். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். என்ன சொல்லலாம்?

செந்தில்:
அக்கா, ஃபோனில் அந்தக் கோப்புறையை `Send Only` என்று வைத்தால் போதுமே. "ஒருவழி ஒத்திசைவு" என்று எழுதிவிடுங்கள். அழிந்துபோகாது.

இளங்கோ:
செந்தில், பாதி சரி. `Send Only` வைத்தால் கணினியில் நடக்கும் மாற்றம் ஃபோனுக்கு வராது. ஆனால் ஃபோனில் அழித்தால், அந்த அழிப்பும் அனுப்ப வேண்டிய ஒரு மாற்றம்தான். அது கணினிக்குப் போய்ச் சேரும். கணினியில் `Receive Only` வைத்தாலும் இதே கதைதான். அதனால் "ஒருவழி" என்ற சொல் மல்லிகா அம்மாவுக்கு நடந்ததைத் தடுக்காது.

அம்மா, முதலில் வீடியோக்களைத் தேடுவோம். கேலரியில் அழித்தீர்களா? ஆண்ட்ராய்டு 11 முதல் பல ஃபோன்களில் அப்படி அழித்த கோப்பு உடனே போய்விடாது. `.trashed-` என்று தொடங்கும் பெயரோடு அதே கோப்புறையில் சுமார் 30 நாள் ஒளிந்திருக்கும். சிங்க்திங் அந்தப் புதுப் பெயரோடு அதைக் கணினிக்கும் அனுப்பிவிடும். லினக்ஸ் கோப்பு மேலாளரில் Ctrl+H அழுத்திப் பாருங்கள். இருந்தால் அங்கேயே பெயரை மாற்றாமல், வேறு கோப்புறைக்கு நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள்.

மல்லிகா:
ஐயா, பதினொன்றும் இருக்கின்றன! அப்பாவின் குரலோடு ஓடுகின்றன. மிக்க நன்றி.

ஃபாத்திமா:
என் பிரச்சினை வேறு. காலையில் பார்த்தால் பாதி வீடியோதான் போயிருக்கிறது. இதற்கும் சொல் உண்டா?

இளங்கோ:
அது சொல்லின் பிரச்சினை இல்லை, ஃபாத்திமா. ஒரு மணி நேர 1080p வீடியோ ஏறத்தாழ 8 ஜிபி வரும். நொடிக்கு 4 எம்பி போகும் வைஃபையில் அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரி சிக்கனம் செயலியை உறங்க வைத்துவிடலாம். அமைப்புகளில் சிங்க்திங்குக்கு அதிலிருந்து விலக்கு கொடுங்கள். கணினியும் இரவில் உறங்காமல் இருக்க வேண்டும். கணினியில் `.syncthing.` என்று தொடங்கி `.tmp` என்று முடியும் கோப்பு தெரிந்தால், அது பாதியில் நிற்கிறது என்று பொருள்.

சொல்லுக்கு வருகிறேன். கணினியின் உலாவியில் `127.0.0.1:8384` திறந்து, கோப்புறையின் `Edit`-இல் `File Versioning` போய், `Trash Can` தேர்ந்து நாள் எண்ணிக்கையை 0 என்று வைத்தால், ஃபோனில் அழித்தவை கணினியில் `.stversions` என்ற கோப்புறையில் காலவரம்பின்றித் தங்கும். இதைக் கணினியில்தான் செய்ய வேண்டும். வேறு கருவியிலிருந்து வந்த மாற்றத்தால் அழிவதை மட்டுமே அது எடுத்துவைக்கும். எனவே ஃபோனில் வைத்தால் இதற்குப் பயனில்லை. இப்படி அழியாமல் சேர்ந்துகொண்டே போகும் நகலுக்கு "சேர்நகல்" என்பது என் பரிந்துரை. ஊறுகாய் போல வினைத்தொகை: சேர்ந்த நகல், சேர்கின்ற நகல், சேரும் நகல். ஒவ்வோர் இரவும் நடப்பது அதுதான்.

செந்தில்:
சேர்நகல் என்றால் இரண்டை ஒட்டிச் சேர்த்த நகல் என்று தோன்றாதா? "உண்டியல் நகல்" என்று வைக்கலாமே. போடலாம், போட்ட வழியாக எடுக்க முடியாது. படிக்காதவருக்கும் புரியும்.

ஜெகன்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உண்டியல் எண்டால் இங்க வெளிநாட்டில இருந்து வங்கி இல்லாமல் காசு அனுப்புற முறையைத்தான் முதலில் நினைப்பினம். "உண்டியலில அனுப்பினது" எண்டு கையேட்டில வாசிச்சால் குழப்பம் வரும். எனக்குச் சேர்நகல் பிடிச்சிருக்கு.

மல்லிகா:
கையேட்டில் இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன்: "ஒத்திசைவில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சேர்நகலில் அழியாது." செந்திலின் உண்டியலை விளக்கப் படத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஃபோனில் வீடியோவை வெட்டி அதே பெயரில் சேமித்தால், முழு வீடியோவும் `.stversions`-க்குள் போய்விடுகிறது. வெளியே நிற்பது வெட்டியதுதான். அப்போது எதைச் சேர்நகல் என்பது?