உதவி: பெரியவங்களுக்கான வாட்ஸ்அப் தாள், ஏத்தின ஆப்பே காணாமப் போகுது

செல்லூர்_தம்பி: அவசரம் அண்ணே. பெரியவங்களுக்கு ஆப் ஏத்துறதைத் தமிழ்ல தாளா அடிச்சுக் குடுத்தோம். ஏத்துறாங்க, கொஞ்ச நேரத்துல "ஆப்பைக் காணோம்"னு வர்றாங்க. சனிக்கிழமை மறுபடி கூட்டம் இருக்கு.

மேலூர்_ராசு: எந்த ஆப்? எந்தப் போன்? தாள்ல இருக்கிறதை அப்படியே போடுங்க.

திருமங்கலம்_சர்வீஸ்: போன்ல இடம் நிறைஞ்சிருக்கும். பழைய வீடியோவை அழிக்கச் சொல்லுங்க.

பழங்காநத்தம்_மூத்தவர்: தேடிப் பாத்துட்டுக் கேக்குற பழக்கமே போச்சு. இதுக்கெல்லாம் தாளா? ஒரு தடவை கையில காட்டுனா முடிஞ்சது.

செல்லூர்_தம்பி: வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு, போன் எல்லாம் இங்கிலீஷ்ல. தாள்:
2. Install பொத்தானை அழுத்தவும்.
3. காத்திருக்கவும்.
4. ஏதாவது கேட்டால் சரி என்று கொடுக்கவும்.

மேலூர்_ராசு: இடம் பத்தலைன்னா ஆப் ஏறவே ஏறாது. ஏறின பிறகு காணாமப் போறதுக்கு உங்க 2-ம் 4-ம்தான் காரணம். Install-ஐத் தொட்டதும் அந்த வார்த்தை மறைஞ்சு, இறங்கி முடியிற வரைக்கும் Cancel நிக்கும். முடிஞ்சதும் Open, அதுக்குப் பக்கத்துல Uninstall. அவர் தாளையும் திரையையும் மாத்தி மாத்திப் பாக்குறார், Install-னு கண்ணுல படுறது Uninstall-க்குள்ள மட்டும்தான். அதைத் தொடுறார். நிஜமாவே நீக்கணுமான்னு போன் கேக்குது. 4-வது வரிப்படி சரின்னு குடுத்துடுறார்.

இப்படி மாத்துங்க:
"Install என்பதை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு, போனைக் கீழே வையுங்கள். Open என்று வரும்வரை எதையும் தொடாதீர்கள்."
"Open என்பதைத் தொடுங்கள். பக்கத்தில் உள்ள Uninstall வேண்டாம். அது ஆப்பை அழித்துவிடும்."

4-வது வரியை எடுத்துடுங்க. எந்தக் கேள்விக்கு எதைத் தொடணும்னு தனித்தனியா எழுதணும். பொத்தானோட நிறத்தை எழுதாதீங்க, போனுக்குப் போன் மாறும்.

திருமங்கலம்_சர்வீஸ்: போனையே தமிழுக்கு மாத்திட்டா இந்தத் தொல்லையே இல்லையே.

மேலூர்_ராசு: எழுத்தைப் பெருசா வச்சிருக்கிற போன்ல தமிழ் வார்த்தை பாதியில வெட்டுப்படும். ரிப்பேர் பாக்க வர்ற பேரனும் முழிப்பான்.

திருமங்கலம்_சர்வீஸ்: பேரனுக்காகவா போன்? இங்கிலீஷ் எழுத்தே தெரியாதவங்களுக்கு Open-ம் ஒரு கோலம்தான்.

பழங்காநத்தம்_மூத்தவர்: நான் சொன்னது அதான். கையில காட்டுங்க.

மேலூர்_ராசு: வீட்டுக்குப் போனதும் யார் காட்டுறது ஐயா? தமிழோ இங்கிலீஷோ, அந்தத் திரையைப் படமாத் தாள்ல போட்டு, தொட வேண்டிய இடத்தை வட்டம் போடலாம்.

உசிலை_கவிதா: எங்க அத்தைக்கு ஆப் இருக்கு, 6 இலக்க எண்தான் வரலை. இதே கோளாறா?

மேலூர்_ராசு: இல்லம்மா, இது வேற. அந்த எண் சிம் இருக்கிற போனுக்குத்தான் எஸ்எம்எஸ்ஸா வரும். சிம் பழைய பட்டன் போன்ல இருந்தா அங்க பாருங்க. +91 திரையிலேயே இருக்கும், அதனால நம்பருக்கு முன்னாடி 0 போடாம 10 இலக்கம் மட்டும் அடிக்கணும். ரீசார்ஜ் முடிஞ்சிருந்தாலும் எஸ்எம்எஸ் நின்னிருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டா காத்திருக்கிற நேரம்தான் கூடும். தம்பி, அந்த எண்ணை யார் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு உங்க தாள்லயும் ஒரு வரி சேருங்க.

செல்லூர்_தம்பி: ரெண்டு பேரைச் செய்யச் சொல்லி நின்னு பாத்தேன். Uninstall-தான். தாளை மாத்துறேன், நன்றி.

உசிலை_கவிதா: சிம் இதே போன்லதான் இருக்கு, ரீசார்ஜும் இருக்கு. இன்னும் வரலையே?