ரெக்ரூட்டர் சொன்ன சம்பளத்துக்கு மேல் கேட்ட கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மழைத்துளி

போன மாதம் நான்கு சுற்று நேர்காணல் முடிந்து ஒரு ஆஃபர் வந்தது. ரெக்ரூட்டர் போனில் தொகையைச் சொன்னதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையான எண்ணை இங்கே போட விரும்பவில்லை. அவர்கள் சொன்ன அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டே சொல்கிறேன்.

அந்த ரெக்ரூட்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கூப்பிட்டு, யார் பேசுவார்கள், எதைப் பற்றிக் கேட்பார்கள் என்று சொல்லி வைத்தவர். அவரிடம் போய்க் கூடுதலாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "ரொம்ப நன்றி சார், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்தில் அனுப்புங்கள், முழுதாகப் படித்துவிட்டு வியாழக்கிழமை பேசுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கிடைத்தது.

முதலில் எழுதிய மெயிலை நல்லவேளையாக அனுப்பவில்லை. சம்பளத் தளம் ஒன்றில் என் பதவியின் பெயரைப் போட்டால் சராசரி 130 என்று காட்டியது. அதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். மறுபடி பார்க்கும்போதுதான் தெரிந்தது, அந்த 130-இல் போனஸும் பங்குகளும் சேர்ந்திருந்தன. எனக்குச் சொன்ன 100 வெறும் அடிப்படைச் சம்பளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால் அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டிருப்பார். அதற்குப் பிறகு நான் சொல்லும் எந்த எண்ணையும் நம்பியிருக்க மாட்டார்.

அப்புறம், சம்பள வரம்பை வெளிப்படையாகப் போட்டிருந்த விளம்பரங்களை மட்டும் தேடினேன். கடந்த மூன்று மாதத்துக்குள் வந்தவை ஒன்பது கிடைத்தன. பொறுப்புகளை வரிவரியாகப் படித்ததில் இரண்டு எனக்கு ஒரு படி மேலே உள்ள வேலைகள். ஒன்று செலவு அதிகமான வேறு ஊர். மூன்றையும் நீக்கினேன். தொகை அதிகமாக இருந்தவையும் அவைதான் என்பதால் நீக்க மனசே வரவில்லை. மீதி ஆறிலும் வரம்பின் நடுப்புள்ளியை எடுத்தேன்: 104, 108, 110, 113, 115, 121. இவற்றின் நடுவில் நிற்பது 111, 112 அளவு. அவர்கள் முக்கியமாகக் கேட்ட தரவு இடமாற்ற வேலையை ஏற்கெனவே இரண்டு முறை முடித்துக் கொடுத்தவள் என்பதால், கொஞ்சம் மேலே போய் 114 என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை முதலில் போனில் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு இந்த மெயிலை அனுப்பினேன்:

"ஆஃபருக்கு மனமார்ந்த நன்றி. குழுவோடு பேசியதிலிருந்து இங்கே சேர வேண்டும் என்றே நினைக்கிறேன். அடிப்படைச் சம்பளம் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். இதே பொறுப்பு, இதே நிலை, கடந்த மூன்று மாதத்தில் வெளியான ஆறு விளம்பரங்களைப் பார்த்தேன். நடுத்தொகை 104 முதல் 121 வரை இருக்கிறது. நீங்கள் கேட்கும் இடமாற்ற வேலையை நான் இரண்டு முறை செய்திருப்பதால் 114 பொருத்தம் என்று தோன்றுகிறது. அந்தத் தொகை வந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். நீங்கள் மேலே பேசுவதற்கு வேறு விவரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்."

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். "அடிப்படை 108 வரைதான் முடிந்தது, இப்போது அந்தக் குழுவில் இருப்பவர்களைத் தாண்டிப் போக முடியவில்லை. சேரும்போது ஒரே தடவையாக 4 தருகிறோம்" என்றார். ஏற்றுக்கொண்டேன். சேர்ந்த முதல் வாரம் அவரே வந்து எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உங்களுக்கு எப்படி நடந்தது?

நேர்வழி

வாழ்த்துகள் தோழி. ஆனால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. நான் எப்போதும் சொன்ன தொகைக்கு மேல் 20 சதவீதம் கேட்பேன். அவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டு வேலைகளில் பாதிக்கு மேல் கிடைத்தது. வேறு ஆஃபர் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருக்கிறதோ இல்லையோ.

ஆளெடுப்பு14

நான் ஆளெடுக்கும் வேலையில் 14 வருடம் இருந்தேன். நேர்வழி சொல்வதில் பாதி சரி. கூடுதலாகக் கேட்பார்கள் என்று பல இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் இடம் விட்டு வைப்பது உண்டு. ஆனால் எல்லா ஆஃபரிலும் அந்த இடம் இருக்காது. சில நேரம் முதல் தொகையே வரம்பின் உச்சியில் இருக்கும்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது பற்றி: "அந்தக் கடிதத்தைக் காட்ட முடியுமா?" என்று நான் கேட்டதுண்டு. இல்லையென்றால், "அது நல்ல தொகை, அங்கேயே சேருங்கள்" என்று முடித்துக்கொண்டவர்களும் உண்டு. பொய் என்று தெரிந்த பிறகு அந்த ஆளுக்காக நான் மேலே போய்ப் பேசியதில்லை.

மழைத்துளியின் மெயில் ஏன் வேலை செய்தது என்று உள்ளே இருந்தவன் கண்ணால் சொல்கிறேன். ரெக்ரூட்டரிடம் பணம் இல்லை, கையெழுத்து அதிகாரமும் பெரும்பாலும் இல்லை. உங்கள் வேண்டுகோளை அவர் சம்பளப் பிரிவுக்கும், ஆள் தேவைப்படும் மேலாளருக்கும் எழுத வேண்டும். "வேட்பாளர் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்" என்று எழுதினால் அது அன்றைக்கே திரும்பி வரும். "இதே நிலையில் ஆறு விளம்பரங்கள், நடுத்தொகை இவ்வளவு, இது கிடைத்தால் உடனே சேர்கிறார்" என்று எழுத முடிந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் மெயிலை அவர் அப்படியே எடுத்து மேலே அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டும். அதனால்தான் வீட்டுக் கடன், குழந்தை பள்ளிக் கட்டணம் போன்றவற்றை எழுத வேண்டாம் என்கிறேன். அவை உண்மையான கஷ்டங்கள்தான், எனக்கும் மனசு இளகும். ஆனால் அனுமதிப் படிவத்தில் அவற்றை எழுத ஒரு கட்டம் கிடையாது.

"அன்றே கையெழுத்திடுகிறேன்" என்பதுதான் அந்த மெயிலின் வலுவான வரி. கூட்டிக் கொடுத்தும் ஆள் வரவில்லை என்றால் ரெக்ரூட்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தை அது நீக்குகிறது. மனதில் அந்த முடிவு இல்லாமல் அதை எழுதக் கூடாது.

கடலோரம்

எனக்கு இதில் கசப்பான அனுபவம். ராஜினாமா கொடுத்ததும் என் மேலாளர் கூப்பிட்டு, புது இடத்தில் தருவதைத் தானே தருகிறேன் என்றார். நம்பி இருந்துவிட்டேன். எட்டு மாதத்தில் என்னிடமிருந்த முக்கிய வேலையெல்லாம் வேறு ஆளிடம் போனது. கவுன்ட்டர் ஆஃபரை ஏற்கவே ஏற்காதீர்கள்.

மழைத்துளி

வருத்தமாக இருக்கிறது அண்ணா. நீங்கள் சொல்வது பழைய நிறுவனம் தடுத்து நிறுத்தத் தரும் தொகை. நான் கேட்டது புது நிறுவனத்திடம், சேர்வதற்கு முன்னால். இரண்டையும் கவுன்ட்டர் ஆஃபர் என்றே சொல்வதால் வரும் குழப்பம்.

கடலோரம்

ஆமாம், தலைப்பைப் பார்த்ததும் என் கதைதான் நினைவுக்கு வந்தது. சரி, ஒரு சந்தேகம். அந்த மேலாளரிடம் நானும் சந்தை நிலவரத்தைக் காட்டிப் பேசியிருந்தால் மாறியிருக்குமா?

ஆளெடுப்பு14

தொகை மாறியிருக்கலாம். நீங்கள் கிளம்பத் தயாரானவர் என்ற எண்ணம் மாறியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரவுவாசி

என் அனுபவம் வேறு மாதிரி. எனக்கு ஆஃபரே போனது. போனில் சொன்ன தொகைக்குக் கூடுதலாகக் கேட்டேன், கொஞ்சம் கொடுத்தார்கள். மறுபடி கேட்டேன், அப்போதும் கொஞ்சம் வந்தது. மூன்றாவது முறை விடுப்பு நாட்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நாள் பதிலில்லை, பிறகு "அந்தப் பணியிடத்தை நிறுத்தி வைத்துவிட்டோம்" என்று மெயில் வந்தது. நான் கேட்டதால் போனதா, நிஜமாகவே நிறுத்தினார்களா, இன்றுவரை தெரியாது.

ஆளெடுப்பு14

அதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை மரியாதையாகக் கேட்டதற்காக நான் ஆஃபரைத் திரும்ப வாங்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ரெக்ரூட்டர் மறுபடி அதே இரண்டு பேரிடம் போக வேண்டும். முதல் முறை ஆர்வத்தோடு போவார், மூன்றாம் முறை போகவே சங்கடப்படுவார். சம்பளம், விடுப்பு, சேரும் தேதி எல்லாவற்றையும் ஒரே மெயிலில் வைத்துக் கேட்பது அவருக்கும் நல்லது. இன்னொன்று, ஆஃபர் எழுத்தில் வரும்வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.

நேர்வழி

சரி, பொய் சொல்வதைப் பற்றிய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மழைத்துளி 114 என்று ஒரே எண்ணைச் சொன்னார். 112 முதல் 118 வரை என்று சொல்லியிருந்தால் 110-ஆவது வந்திருக்காதா?

ஆளெடுப்பு14

நானாக இருந்தால் 112-ஐ மட்டும்தான் மேலே எழுதியிருப்பேன். அடி எண்ணுக்கே ஒப்புக்கொள்வார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். என்னோடு வேலை செய்த ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வரம்பாகச் சொன்னால் பேச்சு இதமாக இருக்கும், பிடிவாதம் தெரியாது என்பார். அடி எண்ணே உங்களுக்குச் சம்மதமானதாக இருந்தால் அதிலும் தவறில்லை.

புதுவரவு

நாளை எனக்கு ரெக்ரூட்டரோடு பேச்சு இருக்கிறது. நானும் இப்படி விளம்பரங்களைத் தொகுத்து அனுப்பினேன். "உங்கள் கணக்கு சரிதான், ஆனால் இந்த நிலைக்கான சம்பள வரம்பில், அதாவது பேண்டில், இதுதான் உச்சம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆளெடுப்பு14

பேண்ட் என்றால் ஒரு வழி, குழு என்றால் இன்னொரு வழி. மழைத்துளிக்குச் சொன்ன காரணம் குழுவில் இருப்பவர்களின் சம்பளம். அதற்குச் சந்தைக் கணக்கால் பதில் இல்லை, அதனால்தான் ஒரே தடவைத் தொகையாக வந்தது. அது மாதச் சம்பளத்தில் ஏறாது, குழுவில் யாரையும் தாண்டாது. உங்களுக்குப் பேண்ட் தடை என்றால், விளம்பரங்களை இன்னும் சேர்த்தாலும் பயனில்லை. உங்களை வைத்த நிலை சரியா என்று கேளுங்கள். மேல்நிலைக்கான பொறுப்புகளில் எவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். "இந்த நிலையை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று தொடங்குங்கள். அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி இருக்காது, அவருக்கும் மேலாளரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும். நிலை மாறாது என்றால், சேரும்போது ஒரு தொகை, ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை, இரண்டில் எது முடியும் என்று கேளுங்கள். மறுபரிசீலனை என்றால் ஆஃபர் கடிதத்திலேயே மாதம் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னவர் ஆறு மாதத்தில் அங்கே இருப்பார் என்று உறுதி இல்லை.

புதுவரவு

மூன்று வரி எழுதிவிட்டேன். மூன்றாவதில் ஒரு பொறுப்பைப் பாதிதான் செய்திருக்கிறேன். சேர்க்கலாமா?

மழைத்துளி

பாதி என்றே எழுதுங்கள். நாளை பேசி முடித்ததும் என்ன சொன்னார் என்று இங்கே போடுங்கள்.